கனவுகளைக் கேட்க அனுமதி

போர் நடந்த அந்த ஆண்டுகளில் வவுனியாவில் நான் பார்த்த வேலை சுகாதாரக் கல்வி. பூவரசங்குளம் போகும் பாதையில் இருந்த ஒரு முகாமுக்கு வாரத்தில் சில நாள் சைக்கிளில் போவேன். முன்பு நெல் அடுக்கி வைத்திருந்த பெரிய மண்டபங்களை, சேலைகளைக் கட்டித் தடுத்து, குடும்பத்துக்கு ஒரு துண்டாகக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கக் கதவுகளும் திறந்திருக்கும் வேளையில் காற்று நுழைந்தால் எல்லாச் சேலைகளும் ஒரே நேரத்தில் உப்பி, ஒரே நேரத்தில் அடங்கும். உள்ளே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மண்டபமே நித்திரை கொள்வதுபோல இருக்கும்.

ஆனால் அங்கே நித்திரை கொண்டவர்கள் குறைவு. மருந்து கொடுக்கும் நாளில் வரிசையில் நிற்கும் பெண்களில் பாதிப் பேர் கேட்டது நித்திரைக் குளிசை. ஒருநாள் ஒரு பெண் டொக்டரிடம், "நித்திரை வருது ஐயா, கூடவே கனாவும் வருது. கனா வராத நித்திரைக்கு ஏதும் குளிசை இருக்கோ?" என்று கேட்டார். டொக்டர் சிரித்துவிட்டு வைற்றமின் எழுதிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முரசுமோட்டையில் எங்கள் வீட்டை விட்டு வந்ததிலிருந்து எனக்கும் இரவுகள் அப்படித்தான் கழிந்துகொண்டிருந்தன.

அந்தக் கேள்விதான் என் முதுமாணிப் படிப்பின் ஆய்வாயிற்று. வேலையில் விடுமுறை எடுத்துக் கொழும்பில் ஒரு வருடம் தங்கிப் பாடங்களை முடித்திருந்தேன். இடம்பெயர்ந்த பெண்களின் நித்திரையைப் பற்றியும் அவர்கள் காணும் கனவுகளைப் பற்றியும் நேரில் கேட்டு எழுதப் போகிறேன் என்று சொன்னபோது என் மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் ஒரு சிங்களப் பேராசிரியை. மிக மெதுவாகத்தான் பேசுவார். நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில் கதைப்போம்.

"நல்ல விஷயம். ஆனால் நெறிமுறைக் குழுவின் கடிதம் கையில் வரும்வரை யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கக்கூடாது. கேள்விகள் சரிவருகின்றனவா என்று இரண்டு பேரிடம் கேட்டுப் பார்ப்பதும் கூடாது. அதற்கும் அனுமதி வேண்டும்."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு மாதம். உன்னுடையது முதல் தடவையில் சரிவராது. முகாமில் இருப்பவர்கள் இல்லை என்று சொல்லப் பயப்படுகிறவர்கள். குழு மிகவும் கவனமாகப் பார்க்கும். நாலைந்து மாதம் என்று வைத்துக்கொள்."

பெரியவர்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நினைத்தபடி ரயில் ஏறினேன்.

அனுப்பவேண்டியவை ஒரு கட்டு இருந்தன. ஆய்வுத் திட்டம், கேட்கப்போகும் கேள்விகள், பங்குபற்றுபவருக்கு வாசித்துக் காட்டவேண்டிய தகவல் தாள், சம்மதப் படிவம், முகாமுக்குப் பொறுப்பானவர் தந்த கடிதம். தமிழில் எழுதியவற்றை, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றித் தரவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் தமிழ் சரி.

அந்த வேலைக்கு முகாம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த ஒரு இளம் ஆசிரியரைப் பிடித்தேன். அவருடைய பெற்றோர் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வந்து மாங்குளத்துப் பக்கம் காடு வெட்டித் தோட்டம் செய்தவர்கள். இப்போது அந்த நிலமும் இல்லாமல் முகாமில் ஒரு சேலைத் தடுப்புக்குள் இருந்தார்கள். நான் கொடுத்த தாளை இரண்டு நாளில் மாற்றிக் கொண்டுவந்தார். 'இந்த ஆய்வில் தாங்கள் சுயவிருப்பின் பேரில் பங்குபற்றுகிறீர்கள்' என்று நான் பெருமையோடு எழுதியிருந்த வசனத்துக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"இதில என்ன பிழை?" என்று கேட்டேன்.

"பிழை இல்லைங்க மிஸ். அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். 'அப்ப நான் சேர்ந்தாச்சா?'ன்னு கேட்டாங்க."

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். விருப்பமா என்று கேட்கிற வசனமாக அது இல்லை. விரும்பிவிட்டீர்கள் என்று அறிவிக்கிற வசனமாக இருந்தது. ஒன்றைத் திருத்தப் போனால் அடுத்ததும் அப்படியே இருந்தது. முழுத் தாளையும் திரும்ப எழுதினேன். 'உங்களுக்கு விருப்பமெண்டால் மட்டும் கதைக்கலாம். விருப்பமில்லாட்டி விடலாம். ஏன் எண்டு சொல்லத் தேவையில்லை.' எழுத்தில் இப்படி எழுதுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் தன் தாயாருக்கு இதையும் வாசித்துக் காட்டினார். "இப்ப யோசிச்சுச் சொல்றேன்னாங்க மிஸ்" என்று வந்து சொன்னார். அதைவிட நல்ல பதில் கிடைக்காது என்று இருவருக்கும் தெரிந்தது.

ஆனால் இந்தத் திருத்தத்தில் நாட்கள் போய்விட்டன. கட்டு கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததும் பட்டணத்தில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து குழுவின் அலுவலகத்துக்கு எடுத்தேன். அங்கிருந்த பெண் அன்பாகத்தான் பேசினார். குழு மாதத்தில் ஒருமுறை கூடும். கூடுவதற்கு முன்பே விண்ணப்பங்களுக்கு முடிவுத் திகதி உண்டு, ஏனென்றால் இரண்டு பேர் அவற்றை வாசித்துக் குறிப்பு எழுதவேண்டும். என்னுடையது அந்தத் திகதிக்குப் பிறகு வந்திருந்தது. ஆகவே அடுத்த மாதக் கூட்டம்.

எனக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போயிற்று. விடுமுறை ஆய்வுக்கென்று எடுத்தது. ஆய்வோ தொடங்கக்கூடாது. இருந்தாலும் முகாமுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. மாசிப் பனி விலகி வெயில் ஏறத் தொடங்கிய காலம். மத்தியானத்தில் முகாம் முழுவதும் ஒரு மயக்கம் படியும். குழாய்க் கிணற்றின் கைப்பிடி மட்டும் எங்கோ ஏறி இறங்கும் சத்தம் கேட்கும். தூரத்துக் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, கானல் தெரிகிறதா என்று சொல்ல முடியாது.

அந்தக் கிணற்றடியில்தான் ஒரு அக்காவோடு பழகினேன். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர், வேதக்காரர். கழுத்தில் செபமாலை இருக்கும். மகனுடைய கால் சத்திரசிகிச்சைக்காகப் இராணுவம் பாதையைத் திறந்துவிட்டிருந்த நேரம் வவுனியாவுக்கு வந்தவர். மகன் தேறிவிட்டான். பாதை பூட்டிவிட்டது. கணவர் அங்கே களப்பில் வலை வீசிக்கொண்டிருந்தார். இவர் இங்கே வாளியோடு வரிசையில் நின்றார்.

ஒருநாள் வாளி நிறையும்வரை நின்றவர், நான் கேட்காமலே, "தங்கச்சி, நேற்று ஒரு கனாக் கண்டனான்" என்று தொடங்கினார். முழுவதையும் சொன்னார். அவ்வளவு அழகான ஒரு கனவை நான் அதுவரை கேட்டதில்லை. அதில் கடல் வரும் என்பதை மட்டும் சொல்லலாம். அவர் சொல்லி முடித்தபோது வாளி நிரம்பி வழிந்து என் செருப்பு நனைந்திருந்தது.

அன்று அறைக்குப் போய் மேசைக்கு முன்னால் இருந்தேன். பேனா கையில் இருந்தது. எழுதவில்லை. அடுத்த நாள் பேராசிரியைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஒருவர் தானாகவே சொன்னார். நான் கேட்கவில்லை. அனுமதி வந்த பிறகு அதைச் சேர்க்கலாமா?"

"அவர் சொன்னபோது நீ ஆய்வு செய்கிறாய் என்று அவருக்குத் தெரியுமா?"

"இல்லை."

"அப்படியென்றால் அது உன்னிடம் சொன்னது. ஆய்வுக்குச் சொன்னது இல்லை. நடந்துமுடிந்த ஒன்றுக்குக் குழு பிறகு அனுமதி கொடுப்பதில்லை. அனுமதி வந்தபின் அவரிடம் போய்க் கேள். அவர் விரும்பினால் திரும்பச் சொல்லட்டும்."

மறுமுறை கிணற்றடியில் அவர் வாய் திறந்ததுமே நான் முந்திக்கொண்டேன். "அக்கா, இப்ப சொல்லாதேங்கோ. நான் இதைப் பற்றித்தான் படிக்கப்போறன். கொழும்பில இருந்து அனுமதி வரவேணும். வந்தாப் பிறகு கேக்கிறன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கிணற்றடியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "கடவுளே! வவுனியாவில நிக்கவும் பாஸ், ஊருக்குப் போகவும் பாஸ். இப்ப கனாச் சொல்லவும் பாஸ் வேணுமே?"

"சொல்லப் பாஸ் வேண்டாம் அக்கா. கேக்கத்தான் வேணும். பாஸ் எனக்குத்தான், உங்களுக்கில்லை."

அவர் சிரிப்பை நிறுத்தி யோசித்தார். "அப்ப நல்லது," என்றார். "எனக்குப் பாஸ் வேண்டாமெண்டால் நான் சொல்லுவன். உங்கட படிப்புக்கில்லை. உங்களுக்கு."

அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கிழமையும் அந்தக் கடல் கொஞ்சம் மாறியிருக்கும். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுதாமல் கேட்பது வேறுவிதமாக இருந்தது. ஒரு சொல்லைப் பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும் என்ற அவசரம் இல்லை. அது வந்து போயிற்று, சேலைகளுக்குள் காற்று வந்து போவதுபோல.

அந்த மாதத்தில் எனக்கும் ஒரு கனவு வந்தது. வற்றிப்போன ஒரு குளத்தின் நடுவில் நீளமான மேசை. குழுவில் இருப்பவர்கள் அதைச் சுற்றிக் கதிரைகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. டொக்டர்மாரோடு ஒரு சட்டத்தரணியும் ஒரு மதகுருவும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து ஒரு சாதாரண ஆளும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். என் தாள்களை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மிக மெதுவாகக் கொடுக்கிறார்கள். மழை வரப்போகிறது என்று நான் கரையில் நின்று கத்துகிறேன். சத்தம் வரவில்லை. ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, 'அவசரமில்லை, இன்னும் வாசிக்கிறோம்' என்பதுபோலக் கையைக் காட்டுகிறார்.

கூட்டம் முடிந்து இரண்டு கிழமைக்குமேல் கழித்துக் கடிதம் வந்தது. அனுமதி இல்லை. மறுப்பும் இல்லை. இவற்றுக்குப் பதில் தந்தால் மேலும் பார்ப்போம் என்று கேள்விகள் வந்திருந்தன.

பங்குபற்ற மறுத்தால் நிவாரணம் நின்றுவிடும் என்று அவர்கள் பயப்படமாட்டார்களா? சேலைத் தடுப்புக்குப் பின்னால் பக்கத்துக் குடும்பம் கேட்கும்போது தனிமை எங்கே? கையெழுத்து வைக்கப் பயப்படுகிறவர்களிடம் எப்படிச் சம்மதம் பெறுவாய்? ஒலிப்பதிவு நாடாக்களைச் சோதனைச் சாவடிகள் வழியாகக் கொழும்புக்கு எப்படிக் கொண்டுவருவாய்? வழியில் யாராவது போட்டுக் கேட்டால் பேசியவருக்கு என்ன ஆகும்? கனவைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் உடைந்துபோனால், உன் கேள்விகள் முடிந்தபின் அவரை யார் பார்ப்பது?

முதலில் வாசித்தபோது கோபம்தான் வந்தது. கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு கேட்கிறார்கள் என்று நினைத்தேன். கடிதத்தை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"மிஸ், நாடாவைப் பத்திக் கேட்டிருக்கிறது..."

"ஓம்?"

"எனக்கும் அதுதாங்க பயமா இருந்திச்சு. நீங்க கோவிப்பீங்கன்னு சொல்லல."

அதன்பிறகு என் கோபம் நிலைக்கவில்லை. பேசும் குரல் யாருடையது என்று தெரிந்தவர்கள் எந்தச் சாவடியிலும் இருக்கலாம். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் என் ஆர்வத்தில் அதைத் தள்ளி வைத்திருந்தேன். நாடாவை விட்டேன். கையால் மட்டும் குறிப்பெடுப்பது, பெயரோ ஊரோ எழுதாமல் இலக்கம் மட்டும் போடுவது என்று மாற்றினேன். மருந்து கொடுக்காத நாட்களில் மருந்தறை வெறுமையாகக் கிடக்கும். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு கதைக்கப் பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கினேன். கையெழுத்துக்குப் பதிலாக வாயால் சொல்லும் சம்மதம். தாளை வாசித்துக் காட்டியதையும் பங்குபற்றுபவர் ஓம் என்றதையும் கண்டதாக அவர் தானே கூட்டிவரும் ஒருவர் சாட்சி. ஆஸ்பத்திரியில் மனநோய் பார்க்கும் டொக்டரிடம் போய், நான் அனுப்புகிறவர்களைப் பார்ப்பேன் என்று எழுதி வாங்கினேன். 'சேர்ந்தாலும் சேராட்டியும் உங்கட நிவாரணத்தில ஒரு மாற்றமும் வராது' என்ற வசனத்தைத் தகவல் தாளின் மேலே கொண்டுவந்தேன். மாற்றிய தாள்களை ஆசிரியர் திரும்பவும் ஆங்கிலமாக்கினார். இவற்றுக்கு ஒரு மாதம் போயிற்று.

திருத்தியவை முழுக் கூட்டத்துக்குப் போகத் தேவையில்லை, தலைவரும் முதலில் வாசித்த இருவரும் பார்த்தால் போதும் என்று அலுவலகப் பெண் சொன்னார். அப்படியும் சில கிழமைகள். பங்குனி வெயில் சித்திரை வெயிலாயிற்று. புத்தாண்டு விடுமுறையில் கொழும்பே மூடிக்கிடந்தது. வைகாசி நடுவில் தொலைபேசிக் கடைக்காரர் ஒரு பெக்ஸ் வந்திருக்கிறது என்று ஆள் அனுப்பினார். இலக்கம் போட்ட அனுமதிக் கடிதம். ஒரு வருடத்துக்குச் செல்லும். எதை மாற்றுவதென்றாலும் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். குழுவின் முத்திரை குத்திய தகவல் தாள்கள் தபாலில் வரும், அவற்றையே பயன்படுத்தவேண்டும். தபாலுக்கும் காத்திருந்தேன். பேராசிரியை சொன்ன நாலைந்து மாதம் கூட்டிச் சொன்னதில்லை.

முத்திரைத் தாளோடு முதலில் நான் போனது அந்த அக்காவிடம். மருந்தறைக்கு வந்தார், பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு பெண்ணைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு. நான் வசனம் வசனமாக வாசித்தேன். அவர் பூசையில் இருப்பதுபோலக் கை கட்டிக் கேட்டார். முடிந்தது.

"விருப்பமில்லாட்டி விடலாம் எண்டு வாசிச்சனீங்கள்?"

"ஓம் அக்கா."

"ஏன் எண்டு சொல்லத் தேவையில்லை."

"இல்லை. சொல்லத் தேவையில்லை."

"அப்ப நான் விடுறன் தங்கச்சி."

மருந்தறையின் தகரக் கூரை வெயிலில் முறுகிச் சத்தம் போட்டது. ஐந்து மாதம் இவருக்காகவே காத்திருந்ததுபோல இருந்தது. வாய்வரை ஒரு 'ஏன்' வந்தது. அதைக் கேட்கக்கூடாது என்று நானே வாசித்து முடித்த தாள் கையில் இருந்தது.

"சரி அக்கா," என்றேன்.

அவர் எழும்பிக் கதவடியில் நின்றார். "கோவமே?"

"இல்லை அக்கா."

"நிவாரணத்துக்குக்கூட ஆரும் என்னட்டை, விருப்பமோ எண்டு கேட்டதில்லை," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. முகாமில் அவர் அதுவரை ஒன்றுக்கும் இல்லை என்று சொல்லியிருக்கமாட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பதிவுக்கு ஓம், சோதனைக்கு ஓம், வரிசைக்கு ஓம். முதல்முதல் ஒன்றை இல்லை என்று சொல்ல ஒரு இடம் கிடைத்தபோது அதை வீணாக்கவில்லை.

என் ஆய்வேட்டில், அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் பங்குபற்ற விரும்பவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. பரீட்சகர்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கனவை நான் அங்கே எழுதவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

மற்றப் பெண்கள் வந்தார்கள். ஒருவர் கனவில் தினமும் வீட்டு முற்றத்தைக் கூட்டுவார். எவ்வளவு கூட்டினாலும் வாசல் வராது. ஒருவர் கனவில் செத்த மாடுகள் தண்ணீர் குடிக்க வரும், சாதுவாக. ஆசிரியரின் தாயார் வந்து, தான் பிறந்த தோட்டத்தின் குளிர் கனவில் வருவதாகவும், எழும்பும்போது இந்த வெயிலிலும் கை சில்லிட்டிருப்பதாகவும் சொல்லிக் கையை நீட்டிக் காட்டினார். நான் தொட்டுப் பார்த்தேன். ஒருவர் நடுவில் அழத் தொடங்கி நிறுத்த முடியாமல் போனார். கேள்விகளை மூடிவைத்துவிட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் சொன்னபடியே பார்த்தார். அந்தக் கடிதம் கேட்டிருக்காவிட்டால் அன்று அவரை எங்கே கூட்டிப்போயிருப்பேன் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

ஆடி மாதம் பாதை கொஞ்ச நாள் திறந்தது. அந்த அக்கா மகனோடு போய்விட்டார். சொல்லிக்கொண்டு போக வந்தார். வாசலில் நின்று என் கன்னத்தைத் தடவினார். கனவைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை. லொறி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. புழுதி அடங்க வெகுநேரம் எடுத்தது.

கடைசியாக வந்தவர் எங்கள் முரசுமோட்டைப் பக்கத்துப் பெண். வயல் வேலை செய்தவர். கதிரையில் இருந்து, தாளைக் கேட்டு, "ஓம், கதைப்பம்" என்றார். முதல் கேள்வி, இரவில் எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்பது. பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் தலை சாய்த்து நித்திரையாகிவிட்டார். கூடவந்த பெண் தட்டி எழுப்பப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

குழு கேட்ட கேள்விகளில் இதற்கு ஒரு வழியும் இருக்கவில்லை. பேனாவை மூடினேன். வெளியே சின்னப்பிள்ளைகள் விளையாடும் சத்தம் வந்தது. சாட்சிக்கு வந்த பெண்ணும் நிலத்தில் காலை நீட்டி இருந்து கண்ணை மூடினார். கடுதாசி மட்டையால் இருவருக்கும் மெல்ல விசிறிக்கொண்டிருந்தேன். கதிரையில் இருந்தவரின் மூச்சு சீராக வந்தது. கனவு ஏதும் வருகிறதோ என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

வெயில் சாய்ந்து கதவிடுக்கால் உள்ளே வந்தபிறகுதான் அவர் கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று ஒருகணம் பார்த்தார்.

"நித்திரையாப் போனனே?"

"ஓம் அக்கா."

"ஐயோ. ஏதும் கேட்டனீங்களோ?"

"ஒண்டும் கேக்கேல்லை," என்றேன்.

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இனிக் கேளுங்கோ" என்று நிமிர்ந்து இருந்தார்.